நாய் கக்குவதும் சத்தி எடுப்பதும் ஒன்றல்ல: உணவுக்குழாய் விரிவும் நிமிர்த்தி உணவூட்டும் முறையும்

கைக்குழந்தை வளர்த்த எவருக்கும் பால் கக்குவதற்கும் சத்தி எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தரத் தேவையில்லை. பால் கக்கும் பிள்ளை முக்குவதில்லை, அழுவதில்லை. குடித்த பால் கடைவாயால் தானாக வழிந்து வரும், பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கும். சத்தி எடுக்கும் பிள்ளையின் வயிறு இறுகும், முகம் வெளிறும், பிறகு சோர்ந்து போகும். நாய்களிலும் இதே வேறுபாடு உண்டு. ஆனால் நாய் விடயத்தில் பலர் இரண்டையும் 'சத்தி' என்றே மிருக வைத்தியரிடம் சொல்கிறார்கள். அதனால் வயிற்றுக்கு மருந்து கொடுக்கப்படுகிறது, உணவு மாற்றப்படுகிறது, வாரங்கள் கழிகின்றன, நாய் மெலிகிறது. கோளாறு இரைப்பையில் இல்லை, அதற்கு மேலே உள்ள குழாயில் இருக்கிறது என்பது பிந்தித்தான் தெரியவருகிறது. சில நாய்களுக்கு அதற்குள் நுரையீரலில் கிருமி தொற்றிவிடுகிறது.

இந்தக் கோளாறை ஆங்கில வைத்திய நூல்கள் மெகாஈசோபேகஸ் என்கின்றன. நாம் உணவுக்குழாய் விரிவு என்று சொல்லலாம். தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் தசைக்குழாய் தளர்ந்து, அகன்று, உணவைக் கீழே தள்ளும் வலுவை இழந்துவிடுகிறது. நாயின் உணவுக்குழாய் முழு நீளத்துக்கும் வரித்தசையால் ஆனது, கை கால்களை அசைக்கும் அதே வகைத் தசை. மனிதரிலும் பூனையிலும் கீழ்ப்பகுதியில் வேறு வகைத் தசை, மழமழப்பான உள்ளுறுப்புத் தசை, இருக்கிறது. இது வெறும் உடற்கூற்றுத் தகவல் அல்ல. மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

எப்படி வேறுபடுத்துவது?

சத்தி எடுக்கப்போகும் நாய் முன்கூட்டியே அறிகுறி காட்டும். அமைதியிழந்து அங்கும் இங்கும் நடக்கும், உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும். பின்னர் ஓங்காளித்து, வயிற்றுத் தசைகள் பலமுறை இறுகி, கடைசியில் வெளியே தள்ளும். வந்ததில் மஞ்சள் நிறப் பித்தம் இருக்கலாம், உணவு ஓரளவு செமித்துக் குழைந்திருக்கும்.

கக்கும் நாய் அப்படியில்லை. அது சாதாரணமாக நின்றுகொண்டிருக்கும், தலையைச் சற்றுக் குனியும், உணவு 'பொத்'தென்று விழும். வயிறு இறுகுவதில்லை, ஓங்காளம் இல்லை. விழுந்தது செமிக்காத உணவாக, வழுவழுப்பான வெண்ணுரையும் சளியும் சூழ்ந்து, பல தடவைகளில் குழாயின் வடிவத்திலேயே நீளமாக இருக்கும். பித்தம் இருக்காது. பெரும்பாலான நாய்கள் உடனே அதைத் திரும்பத் தின்னப் பார்க்கும், ஏனெனில் அவற்றுக்குக் குமட்டலே இல்லை, பசிதான் இருக்கிறது.

நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்து. உண்டவுடன் வந்தால் கக்கல், பிந்தி வந்தால் சத்தி என்று பலர் நினைக்கிறார்கள். விரிந்த குழாய் ஒரு பைபோல உணவைத் தேக்கி வைத்திருக்கும். காலையில் தின்றது மாலையிலும் செமிக்காமல் வெளியே வரலாம். பார்க்கவேண்டியது கடிகாரத்தை அல்ல, நாயின் வயிற்றை.

வைத்தியரிடம் வார்த்தையால் விளக்குவதை விடக் கைத்தொலைபேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி மேலானது. விழுவதை மட்டுமல்ல, விழுவதற்கு முந்திய சில விநாடிகளையும் பிடிக்கப் பாருங்கள். வேறுபாடு அந்த விநாடிகளில்தான் இருக்கிறது.

ஏன் வருகிறது?

சில குட்டிகள் இதனுடன் பிறக்கின்றன. தாய்ப்பால் குடிக்கும்வரை தெரியாது, திட உணவு தொடங்கியதும் கக்கத் தொடங்கும். ஜேர்மன் ஷெப்பேர்ட், கிரேட் டேன், மினியேச்சர் ஷ்னௌசர், ஐரிஷ் செட்டர் போன்ற இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஜேர்மன் ஷெப்பேர்ட்டில் பிறவிக் கோளாறோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தை அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்டார்கள். ஆண் குட்டிகளில் இது கூடுதலாக வெளிப்படுவதாகவும் அந்த ஆய்வு காட்டியது. குட்டிகளில் வேறொரு காரணமும் உண்டு. இதயத்துக்கு அருகே கருவில் மறைந்திருக்க வேண்டிய இரத்தக்குழாய் எச்சம் ஒன்று உணவுக்குழாயை வளையம்போல் நெரிக்கும், அதற்கு மேலுள்ள பகுதி மட்டும் விரியும். இதற்குச் சத்திரசிகிச்சை உண்டு, பிந்தினால் பலன் குறையும். ஆகவே குட்டி கக்கினால் 'வளர வளரச் சரியாகும்' என்று காத்திருக்க வேண்டாம்.

வளர்ந்த நாய்க்குப் புதிதாக வந்தால் காரணத்தைத் தேடவேண்டும். பல நாய்களில் எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் தேடாமல் விடக்கூடாத இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை உடலின் எதிர்ப்புச் சக்தியே தடுத்துவிடும் நோய் இது. வளர்ந்த நாய்களில் காணப்படும் உணவுக்குழாய் விரிவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு இதுவே காரணம் என்பார்கள். கால்களில் பலவீனம் எதுவும் இல்லாமல் உணவுக்குழாயை மட்டும் தாக்கும் வடிவமும் உண்டு என்பதால், நாய் நன்றாக ஓடுகிறது என்று சொல்லி இந்தப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது. இரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை இது. மற்றது அடிசன் நோய், அதாவது சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பிகள் போதிய ஹோர்மோன் சுரக்காமை. இவ்விரண்டுக்கும் மருந்து உண்டு. மருந்தால் உணவுக்குழாயும் தேறக்கூடும்.

விரிவு இருப்பதைக் காண நெஞ்சு எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். காற்று நிரம்பிய அகன்ற குழாய் அதில் தெரியும். மயக்க மருந்து கொடுத்து எடுத்த படத்தில் நல்ல குழாயும் விரிந்ததுபோலத் தோன்றலாம், ஆகவே நாய் விழித்திருக்கும்போது எடுத்த படமா என்று கேட்பது நல்லது. பெரிய மருத்துவமனைகளில் நாய் விழுங்குவதை எக்ஸ்ரே காணொளியாகவே பார்க்கிறார்கள். சில நாய்களில் உண்மையான சிக்கல் குழாயின் அடியிலுள்ள வால்வு திறக்காமையே என்பது இப்படித்தான் தெரியவந்தது.

புரையேறுவதே கொல்கிறது

இந்த நோயுள்ள நாய்கள் பட்டினியால் இறப்பதைவிட நிமோனியாவால் இறப்பதே அதிகம். சத்தி எடுக்கும்போது உடல் ஆயத்தமாகிறது, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. கக்கும்போது அந்த ஆயத்தம் இல்லை. நாய் தூங்கிக்கொண்டிருக்கும்போதுகூட உணவும் எச்சிலும் தொண்டைக்கு ஏறி, மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். இந்த நாய்களுக்கு அது நாள்தோறும், சிறுகச் சிறுக நடக்கிறது. கிருமி கலந்த அந்த நீர் நுரையீரலின் தாழ்ந்த பகுதிகளில், குறிப்பாக வலப்பக்க நடு மடலில், தேங்குகிறது.

இருமல் வந்தால்தான் நிமோனியா என்று நினைக்கக்கூடாது. முதல் அறிகுறி பல தடவைகளில் சோர்வும் உணவில் நாட்டமின்மையுமே. எப்போதும் பசியோடு இருக்கும் இந்த நாய்கள் கிண்ணத்தை விட்டு விலகினால் அது பெரிய செய்தி. வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை மூச்சை எண்ணுவது. நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று எனக் கொண்டு முழு நிமிடம் எண்ணுங்கள். நல்ல நிலையில் 30 ஐத் தாண்டாது. உங்கள் நாயின் வழமை 18 என்றால், 28 வந்தாலே கவனிக்கவேண்டும். ஆகவே நலமாக இருக்கும் நாட்களில் எண்ணிக் குறித்து வைத்திருந்தால்தான் மாற்றம் தெரியும். குதவழி வெப்பநிலை 39.2 பாகை செல்சியஸைத் தாண்டுவது, மூக்கிலிருந்து பச்சைச் சளி, ஈரமான இருமல் ஆகியவை அன்றே வைத்தியரிடம் போகவேண்டிய அறிகுறிகள். முரசு சாம்பல் அல்லது நீல நிறமாவது, கழுத்தை நீட்டி வயிற்றால் மூச்செடுப்பது என்றால் இரவானாலும் அவசர சிகிச்சை நிலையம்தான். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய ஒரு நாள் வரை பிந்தலாம். அதனால் முதல் படம் தெளிவாக இருந்தாலும் நாய் தேறாவிட்டால் மறுபடி கேளுங்கள்.

வீட்டிலுள்ள இருமல் பாணி கொடுக்கவேண்டாம். இருமலை அடக்கினால் நுரையீரலுக்குள் போனது உள்ளேயே தங்கும். மனிதருக்கான காய்ச்சல் மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சாகலாம்.

நிமிர்த்தி உணவூட்டுவது

தள்ளும் தசை வேலை செய்யாவிட்டால் புவியீர்ப்பைக் கொண்டு இறக்குவதே வழி. இதில் பரவலான ஒரு தவறான எண்ணம், கிண்ணத்தை உயரத்தில் வைத்தால் போதும் என்பது. நாய் நான்கு காலில் நின்று உயரமான கிண்ணத்தில் உண்ணும்போது கழுத்துப் பகுதி மட்டுமே சரிகிறது. நெஞ்சுக்குள் செல்லும் நீண்ட பகுதி இன்னமும் நிலத்துக்குக் கிடையாகவே கிடக்கிறது, உணவு தேங்குவதும் அங்கேதான். முதுகெலும்பு செங்குத்தாக நிற்கவேண்டும், உண்ணும்போதும் உண்ட பின்னரும்.

சிறிய நாயை மடியில் நிமிர்த்திப் பிடிக்கலாம், குழந்தைகளைச் சுமக்கும் நெஞ்சுப்பையில் வைக்கலாம். பெரிய நாய்க்குப் பெய்லி நாற்காலி வேண்டும். பெய்லி என்ற நாய்க்காகச் செய்யப்பட்டதால் அந்தப் பெயர். மூன்று பக்கம் அடைத்த ஒடுங்கிய மரப்பெட்டி, முன்னால் திறந்து மூடும் பலகை, அதன்மேல் உணவுத்தட்டு. நாய் பின்புறத்தில் அமர்ந்து, முதுகு பின்பலகையில் சாய்ந்து, முன்கால்கள் தட்டின்மேல் இருக்கும். அளவு எடுப்பதில்தான் வெற்றி. நாயைச் சுவரோடு நிமிர்த்தி இருத்தி, பிட்டத்திலிருந்து முன்காலின் அக்குள் வரை அளந்தால் தட்டின் உயரம் கிடைக்கும். உள் அகலம் தோளின் அகலத்தைவிட இரு விரல் கூடுதலாக இருந்தால் போதும். அகலம் கூடினால் நாய் உள்ளே திரும்பி வளைந்துவிடும். உடலின் பாரம் பிட்டத்தில் இறங்கவேண்டும், முன்கால்களில் தொங்கக்கூடாது. நோவெடுத்தால் மறுநாள் பெட்டிக்குள் ஏறாது. மரவேலை தெரிந்த ஒருவர் ஒரு சனிக்கிழமையில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது. பழக்குவதற்கு நாலைந்து நாள் எடுக்கும், முதலில் கதவைத் திறந்தபடியே கரண்டியில் உணவை நக்கக் கொடுத்துப் பழக்கலாம்.

உண்டு முடித்த பின் 20 முதல் 30 நிமிடம் அப்படியே இருக்கவேண்டும். சிலவற்றுக்குப் 10 நிமிடம் போதும். ஆனால் தொடக்கத்தில் நீண்ட நேரம் வைத்து, கக்கல் நின்ற பிறகு மெல்லக் குறைப்பதே பாதுகாப்பு.

உணவின் பதம் ஒவ்வொரு நாய்க்கும் வேறு. சிலவற்றுக்குக் கூழ்போல ஓடும் உணவு இறங்கும், சிலவற்றுக்கு நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்துக் கொடுத்தால் இறங்கும். இதற்கு விதி கிடையாது. ஒரு பதத்தை நாலைந்து நாள் மாற்றாமல் கொடுத்து, கக்கிய நேரம், அளவு, தன்மை மூன்றையும் குறித்து, பிறகே அடுத்ததற்கு மாறவேண்டும். உலர் உணவை அப்படியே கொடுப்பது மட்டும் அநேகமாக எல்லா நாய்களுக்கும் ஒத்துவராது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 28 கிலோ நிறையுள்ள, கருத்தடை செய்த, 7 வயது ஜேர்மன் ஷெப்பேர்ட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு அதற்கு ஏறக்குறைய 1,350 கலோரி வேண்டும். கிராமுக்கு 1.2 கலோரி தரும் டின் உணவு என்றால் சுமார் 1,120 கிராம், நான்கு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 280 கிராம். கலோரி செறிந்த உணவைத் தெரிவு செய்தால் இந்தப் பருமன் குறையும், குழாயில் ஏறும் சுமையும் குறையும். நான்கு வேளையும் தலா அரை மணி நேரம் என்றால் நாளுக்கு இரண்டு மணி நேரம். கணவன் மனைவி இருவரும் மாறிமாறி வேலைக்குப் போகும் வீட்டில் இது சிறிய விடயமல்ல, நால்வேளையை மூன்றாக்க முடியுமா என்று வைத்தியரோடு பேசலாம். வாரம் ஒருமுறை நிறை பார்த்துக் குறிக்கவேண்டும். நிறை இறங்கினால் கொடுத்தது இரைப்பைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

தண்ணீர்தான் கடினம். ஓடும் நீர் குழாயில் தேங்கி, எளிதில் மேலே ஏறி, எளிதில் மூச்சுக்குழாய்க்குள் போகும். மேற்சொன்ன நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் வேண்டும். டின் உணவின் முக்கால் பங்கு நீர் என்பதால் 840 மில்லிலீற்றர் அதிலேயே கிடைத்துவிடும். மீதி 650 மில்லிலீற்றர் அளவை ஜெலற்றின் கட்டிகளாகக் கொடுக்கலாம். இனிப்பும் சுவையும் சேர்க்காத ஜெலற்றின் தூள் 28 கிராமை முதலில் சிறிது குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பின் சுடுநீரில் கரைத்து, மொத்தம் ஒரு லீற்றராக்கி, குளிர்சாதனப் பெட்டியில் இறுகவைத்து, சிறு சதுரங்களாக வெட்டலாம். உப்பும் வெங்காயமும் இல்லாத இறைச்சி அவித்த நீரைச் சேர்த்தால் நாய் விரும்பித் தின்னும். கடையில் விற்கும் சீனியில்லாத ஜெலியில் சைலிற்றோல் இருக்கலாம், அது நாயைக் கொல்லும். எமது வீடுகளில் செய்யும் கடற்பாசி ஜெலி பயன்படுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெலற்றின் உடற்சூட்டில் உருகிவிடும், கடற்பாசி உருகாது. ஆகவே ஒன்றுக்கு மாற்றாக மற்றதை வைக்கமுடியாது. கட்டிகளையும் நாற்காலியில் வைத்தே கொடுக்கவேண்டும். வீட்டின் மூலையில் வைத்த தண்ணீர்க் கிண்ணமும், மூடாத மலசலகூடமும் இந்த முயற்சியெல்லாவற்றையும் வீணாக்கும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் சொல்லிவைக்கவேண்டும். அன்பினால் மேசைக்கடியில் கொடுக்கும் ஒரு துண்டு ரொட்டியும் படுத்திருக்கும் நாய்க்கு நிமோனியாவைக் கொண்டுவரக்கூடும். கொடுக்க ஆசைப்படுபவர் நாற்காலி நேரத்தில் வந்து தன் கையால் ஊட்டட்டும்.

இரவில் தலையும் கழுத்தும் உயர்ந்திருக்கும்படி தலையணை வைப்பதும், காற்றடைத்த கழுத்துப்பட்டி அணிவிப்பதும் எச்சில் ஏறுவதைக் குறைக்கும்.

மாத்திரைகள் விரிந்த குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கலாம். டொக்சிசைக்ளின் இதில் பேர்போனது. எல்லா மருந்தையும் திரவமாகவோ உணவில் குழைத்தோ தரமுடியுமா என்று கேளுங்கள். குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைட் உணவுக்குழாயை அசைக்கும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது உள்ளுறுப்புத் தசையில் வேலை செய்யும் மருந்து, நாயின் உணவுக்குழாய் வரித்தசை என்று முன்பே பார்த்தோம். போதாததற்கு அது அடி வால்வை இறுக்கும். இதற்கு எதிரான வேலையைச் செய்வது சில்டெனாபில். அடி வால்வைத் தளர்த்தி உணவை இறங்கவிடும் என்பதால் சில நாய்களுக்கு உணவுக்குச் சற்று முன் கொடுக்கிறார்கள். இது வயாகரா என்ற பெயரில் விற்கப்படும் அதே மருந்துதான். நாயின் சீட்டோடு மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது கூச்சப்பட வேண்டியதில்லை, மருந்தாளருக்கு விளங்கும். அளவை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

இத்தனையும் செய்தும் நிறை இறங்கிக்கொண்டே போனால், அல்லது நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால், வயிற்றுச் சுவர் வழியாக நேரே இரைப்பைக்குள் குழாய் வைக்கலாம். உணவும் நீரும் மருந்தும் உணவுக்குழாயைத் தொடாமலே போய்விடும், மெலிந்த நாய் தேறும். ஆனால் நாய் தன் எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் இருக்கும், இரைப்பையிலிருந்து மேலேறுவதும் முற்றாக நிற்காது. எனவே குழாய் வைத்த நாயையும் உணவுக்குப் பின் நிமிர்த்தி வைத்திருக்கவேண்டும், இரவில் அதன் மூச்சை எண்ணுவதையும் விடக்கூடாது.